வைனா, வைனா? ஒரே எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு ஒலிகளைப் பிரித்தெடுக்கும் பயிற்சி

தமிழ் வகுப்பில் மயங்கொலிச் சொற்கள் படித்த நினைவிருக்கும். மலை, மழை. பல்லி, பள்ளி. பனி, பணி. ஒவ்வொரு ஜோடியிலும் மற்ற ஒலிகளெல்லாம் அப்படியே இருக்க, ஓரிடத்தில் மட்டும் ஒலி மாறுகிறது, பொருளும் மாறிவிடுகிறது. ஆங்கிலம் கற்பிப்பவர்கள் மினிமல் பேர் என்று சொல்வது இதைத்தான். ஒரே ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்கள். கப்பலைக் குறிக்கும் ஷிப்பும் ஆட்டைக் குறிக்கும் ஷீப்பும் உலகம் முழுக்கப் பேர்போன ஜோடி.

கணக்கில் வருவது ஒலி மட்டுமே, எழுத்து வராது. சந்திப்பைக் குறிக்கும் மீட்டும் இறைச்சியைக் குறிக்கும் மீட்டும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகளால் எழுதப்படுகின்றன. ஆனால் உச்சரிப்பு ஒன்றே. ஆகவே அவை மினிமல் பேர் ஆகா. இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. ஆங்கிலத்தில் ஒலி வேறு, ஆனால் தமிழில் எழுதினால் எழுத்து ஒன்று. திராட்சைக் கொடியும் வைன், அதிலிருந்து வடிக்கும் மதுவும் வைன். முதலாவது வி எழுத்தில் தொடங்குகிறது, இரண்டாவது டபிள்யூவில். இங்கே அவற்றை வி-வைன், டபிள்யூ-வைன் என்றே அழைப்போம், வேறு வழியில்லை. நம் எழுத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வகரம்தான் இருக்கிறது. நம் வாயிலும் அப்படியே.

இந்த வி-டபிள்யூ ஜோடியை எடுத்துக்கொண்டு பயிற்சியை ஆரம்பம் முதல் பார்க்கலாம். தமிழ் பேசுபவர்களுக்கு ஷிப்-ஷீப்பைவிட இதுதான் கஷ்டம். ஷிப்-ஷீப்பில் நமக்கு வேறு விதமான ஒரு பொறி இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம்.

காது ஏன் இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறது

கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லாரும் அறிந்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒன்று நாக்கு பல்லைத் தொடும் தகரம், மற்றது நாக்கு மேலே வளையும் டகரம். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் வித்தியாசத்தைக் கண்டுகொண்டார்கள். 10 முதல் 12 மாதம் ஆவதற்குள் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. பத்துக்கும் பட்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு வெட்டவெளிச்சம். வளர்ந்த ஆங்கிலேயரிடம் கேட்டால் இரண்டும் ஒன்றுதானே என்பார்.

வீட்டுப் பேச்சில் பொருளை மாற்றாத வித்தியாசங்களைக் காது ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது. தமிழில் வகரத்தை உதட்டைக் குவித்துச் சொன்னாலும் பல்லில் லேசாக ஒட்டிச் சொன்னாலும் வாழை வாழைதான். எனவே வி-டபிள்யூ வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டிய அவசியம் நம் காதுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒலி காதில் விழாமல் இல்லை. விழும் இரண்டும் ஒரே பெட்டியில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மினிமல் பேர் பயிற்சி அந்தப் பெட்டிக்கு நடுவே ஒரு தடுப்பு போடும் வேலை.

இதனால்தான் பயிற்சியைக் காதில் தொடங்குகிறோம். வாயில் தொடங்கினால் நீங்கள் சொன்னது சரியா தப்பா என்று உங்களுக்கே தெரியாது.

முதலில் ஒரு சோதனை

ஆறு ஜோடிகள் போதும். வைன் ஜோடி ஏற்கெனவே சொன்னது. அடுத்து வெஸ்ட்: வி என்றால் கையில்லாத மேற்சட்டை, டபிள்யூ என்றால் மேற்கு. வெட்: கால்நடை மருத்துவர், ஈரம். வென்ட்: காற்றுப்போக்கி, போனது. வைப்பர்: விரியன் பாம்பு, கார் கண்ணாடி துடைக்கும் துடைப்பான். வைசர்: ஹெல்மெட்டின் முன்பக்கக் கண்ணாடி, கூடுதல் விவேகம் உள்ளவர். எல்லாவற்றிலும் முதல் ஒலிக்கு அடுத்து ஐ அல்லது எ வருவதைக் கவனியுங்கள். அவற்றுக்கு உதடு குவியாது. ஆகவே டபிள்யூவுக்காக உதடு குவிந்தால் பளிச்சென்று தெரியும். ஓகாரமோ ஊகாரமோ அடுத்து வந்தால் உதடு எப்படியும் குவிந்துவிடும், வித்தியாசம் அதில் கரைந்துவிடும். அந்தச் சொற்களைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

செய்யுளைக் குறிக்கும் வெர்ஸையும் இன்னும் மோசத்தைக் குறிக்கும் வொர்ஸையும் பல பட்டியல்களில் பார்ப்பீர்கள். நமக்கு அது உதவாது. ஆங்கிலேயர் வாயில் இரண்டுக்கும் உயிரொலி ஒன்றுதான், ஆனால் நாம் ஒன்றை வெ என்றும் மற்றதை வொ என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். கற்பவர் உயிரொலியை வைத்துப் பிரித்துவிடுவார், மெய்யொலி பக்கமே போகமாட்டார். ஒரு ஜோடி நல்ல ஜோடிதானா என்பதைக் கற்பவரின் வாயை வைத்துத்தான் சொல்ல முடியும்.

குரல் பதிவுக்கு இணைய அகராதிகள் போதும். கேம்பிரிட்ஜ் அகராதியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டிஷ் குரல் ஒன்று, அமெரிக்கக் குரல் ஒன்று இருக்கும். ஃபோர்வோ தளத்தில் பல ஊர்க்காரர்கள் பேசிய பதிவுகள் கிடைக்கும், பேசியவரின் நாட்டையும் காட்டும். அங்கே நம் ஊர்க்காரர்கள் பதிவிட்டதையும் ஜெர்மன்காரர்கள் பதிவிட்டதையும் இந்த ஜோடிக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஜெர்மன் மொழியில் டபிள்யூ எழுத்தின் ஒலியே வி என்பதால் அவர்களில் பலர் ஆங்கிலத்திலும் அதையே சொல்வார்கள்.

பன்னிரண்டு சீட்டு வெட்டுங்கள், ஒரு சொல்லுக்கு ஒன்று. சீட்டில் எழுத்துக்குப் பதில் படமோ தமிழ்ப் பொருளோ போடுவது நல்லது. நண்பர் ஒருவர் சீட்டைக் கலைத்து, ஒன்றை உருவி, அதற்குரிய பதிவை ஒருமுறை ஒலிக்கவிட வேண்டும். திரை உங்கள் கண்ணில் படக்கூடாது. நீங்கள் கேட்டது வியா டபிள்யூவா என்று ஒரு தாளில் குறிக்கிறீர்கள். இருபது முறை, அதாவது வி பத்து, டபிள்யூ பத்து. சோதனையின்போது விடையைச் சொல்லக்கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே இருபதுக்குச் சராசரியாகப் பத்து வந்துவிடும். பதின்மூன்று, பதினான்கு என்பதும் அதிர்ஷ்டத்தில் வரக்கூடியதே. வெறும் யூகத்தில் 15 அல்லது அதற்கு மேல் வருவது நூறில் இரண்டு முறை அளவுக்குத்தான் நடக்கும். ஆகவே 15க்குக் கீழே இருந்தால் காது இன்னும் பிரிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்த மதிப்பெண்ணைவிட முக்கியமானது அதன் பிளவு. ஒருவர் இருபதுக்கு 13 எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வி ஒலித்த பத்தில் ஒன்பதைச் சரியாகச் சொன்னார், டபிள்யூ ஒலித்த பத்தில் நான்கைத்தான் சொன்னார். பார்த்தால் வி நன்றாகக் கேட்கிறது, டபிள்யூ மட்டும் பிரச்சினை என்று தோன்றும். உண்மையில் அவர் சந்தேகம் வரும்போதெல்லாம் வி என்று குறித்திருக்கிறார், அவ்வளவுதான். பதினைந்து முறை வி குறித்தவருக்கு வியில் ஒன்பது கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. இரண்டு எண்ணையும் எப்போதும் தனித்தனியாக எழுதிவையுங்கள்.

காதுப் பயிற்சி

பயிற்சி பார்ப்பதற்குச் சோதனை மாதிரியே இருக்கும். ஒரே மாற்றம், ஒவ்வொரு விடைக்கும் பிறகு சரியா தப்பா என்று உடனே சொல்லப்பட வேண்டும். தப்பானால் அதே சொல்லை இன்னொரு முறை, பிறகு அதன் ஜோடியை, பிறகு மறுபடி முதல் சொல்லைக் கேட்க வேண்டும். அந்த மூன்று வினாடி ஒப்பீட்டில்தான் காது கற்றுக்கொள்கிறது. இருபது விடையையும் குறித்துவிட்டுக் கடைசியில் திருத்தினால், எந்த ஒலிக்கு எதைக் குறித்தோம் என்ற நினைவே போயிருக்கும்.

முதல் இரண்டு நாள் இன்னும் எளிதாக்கலாம். இரண்டு சொற்களை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, இரண்டும் ஒன்றா வேறா என்று மட்டும் கேளுங்கள். வைன்-வைன். ஒரே சொல்லை இருமுறையா, இரண்டு சொல்லா? இதில் 20க்கு 17, 18 வரத் தொடங்கியதும் தனிச் சொல்லுக்கு வந்துவிட வேண்டும். இங்கேயே தங்கிவிடக்கூடாது, ஏனென்றால் பக்கத்தில் வைத்து ஒப்பிட நிஜப் பேச்சில் யாரும் இரண்டாவது சொல்லைத் தரமாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் நண்பர் தன் வாயால் ஜோடியை வாசித்துக்காட்டினால் ஒரு கோளாறு நுழையும். இரண்டு சொல்லை ஜோடியாக வாசிக்கும்போது எல்லாரும் முதல் சொல்லில் குரலை ஏற்றி, இரண்டாவதில் இறக்குவார்கள். கடைக்குப் போகும்போது அரிசி, பருப்பு என்று சொல்வது போல. எப்போதும் வி முதலில், டபிள்யூ அடுத்து என்று வாசித்தால், குரல் ஏறினால் வி, இறங்கினால் டபிள்யூ என்று காது பழகிவிடும். மதிப்பெண் மளமளவென்று ஏறும், கற்றது பூஜ்யம். வரிசையைச் சீட்டுக் கலைத்தோ காசு சுண்டியோ முடிவு செய்யுங்கள். சொற்களைத் தனித்தனியாகப் பதிவு செய்து ஒலிக்கவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொரு கோளாறு ஒரே குரல். ஒரே பெண் குரலில் பன்னிரண்டு சொல்லை ஒரு வாரம் கேட்டால் அந்தப் பன்னிரண்டு ஒலிப்பதிவும் மனப்பாடம் ஆகிவிடும். அந்தக் குரலில் வி-வெட்டின் முடிவில் ஒரு சின்ன மூச்சுச் சத்தம் இருந்தால், காது அதையே அடையாளமாகப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் 1991இல் ஜப்பானியர்களுக்கு ஆர்-எல் ஒலி வேறுபாட்டைப் பல குரல்களில் பல சொற்களை வைத்துப் பயிற்றுவித்தார்கள். கேட்கும் திறன் கூடியது. 1993இல் வந்த அடுத்த ஆய்வில் ஒரே குரலில் மட்டும் பயின்றவர்களையும் சோதித்தார்கள். அந்தக் குரலில் அவர்கள் முன்னேறினார்கள். புதிய குரலைக் கொடுத்தபோது அந்த முன்னேற்றம் கூடவரவில்லை. ஆகவே குறைந்தது நான்கு குரல், அதில் ஆண் இரண்டு, பெண் இரண்டு. ஐந்தாவது குரல் ஒன்றைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள், கடைசிச் சோதனைக்கு.

நாளைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இது பலன் தரும். ஒரே சொல் ஐம்பது முறை காதில் விழுந்தபின் அது சொல்லாகவே ஒலிப்பதில்லை.

மேலே சொன்ன 13 மதிப்பெண்காரரைத் தொடர்வோம். ஒரு வாரம் கழித்து அவருக்கு வியில் ஆறு, டபிள்யூவில் ஒன்பது, மொத்தம் 15 என்று வரலாம். வியில் முன்பு ஒன்பது எடுத்தவர் ஆறுக்கு இறங்கிவிட்டாரே என்று பதறத் தேவையில்லை. டபிள்யூ என்று ஒன்று இருப்பது காதுக்குத் தெரிந்துவிட்டது, இப்போது அதை எல்லா இடத்திலும் கேட்கிறார். இதே ஆள் இந்த வாரம் வாய் திறந்தால் வெரி என்பதை உதட்டைக் குவித்து உவெரி என்பார், வில்லேஜ் உவில்லேஜ் ஆகும். இந்த அதீதத் திருத்தம் பெரும்பாலும் ஒரு கட்டம்தான். வி அதிகம் உள்ள சீட்டுக்கட்டால் அதைச் சரிசெய்ய முயன்றால் பழைய சாய்வுக்கே திரும்புவார். பத்துக்குப் பத்து என்ற சமநிலையை மாற்றாமல் தொடர்ந்தால் இரண்டு எண்ணும் ஒன்றையொன்று நெருங்கும். ஒதுக்கி வைத்த ஐந்தாவது குரலில் இரண்டும் ஒன்பது, மொத்தம் 18 என்று வந்தால் காது வேலை முடிந்தது.

வாய்ப் பயிற்சி

ஆன் பிராட்லோவும் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஆர்-எல் பயிற்சியைக் காதால் மட்டும் செய்த ஜப்பானியர்களின் உச்சரிப்பும் ஓரளவு மேம்பட்டதைக் காட்டினார்கள். எனவே காதுக்குச் செலவிட்ட நேரம் வாய்க்கும் சேர்கிறது. ஆனாலும் வியும் டபிள்யூவும் கண்ணுக்குத் தெரியும் ஒலிகள். கண்ணாடி ஒன்று இருந்தால் வேலை பாதியாகிவிடும்.

முதலில் நம் வகரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி முன் நின்று வேலை என்று சொல்லுங்கள். கீழுதடு மேற்பல்லை நோக்கிப் போகும், ஆனால் அழுத்தித் தொடாது, உரசல் சத்தம் கேட்காது, உதடு குவியாது. வியும் டபிள்யூவும் இதற்கு இரண்டு பக்கத்திலும் நிற்கின்றன. ஒன்றுக்குப் பல்லை இன்னும் நெருங்க வேண்டும், மற்றதற்குப் பல்லை விட்டு முழுக்க விலக வேண்டும். நடுவில் நின்று சொல்லும்போது ஆங்கிலேயர் காதுக்கு வி வேண்டிய இடத்தில் டபிள்யூ போலவும், டபிள்யூ வேண்டிய இடத்தில் வி போலவும் ஒலிக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம் என்று அவர்கள் நினைப்பது இதனால்தான். நாம் மாற்றவே இல்லை, ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வி ஒலிக்கு, ஃபேன் என்பதன் முதல் ஒலியில் தொடங்குங்கள். கீழுதட்டின் உள்விளிம்பில் மேற்பல் லேசாக உட்கார, காற்றை மட்டும் ஊதுங்கள், ஃப்ஃப்ஃப். இரண்டு விரலைத் தொண்டையில் வையுங்கள். அதிர்வு இருக்காது. உதட்டையும் பல்லையும் அசைக்காமல் குரலைச் சேருங்கள். தொண்டை அதிரும், கீழுதட்டில் கூச்சம் எடுக்கும். அந்தக் கூச்சம்தான் வி. அதை இரண்டு வினாடி பிடித்து வைத்து, பிறகு ஐன் என்று முடியுங்கள். உதட்டை அழுத்திக் கடித்துவிட்டால் காற்று அடைபட்டு பகரம் போல வெடிக்கும். கூச்சமே எடுக்கவில்லை என்றால் பழைய வகரத்துக்கே போய்விட்டீர்கள்.

டபிள்யூ நமக்குப் புதிதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒண்ணு, ஓட்டல் என்று பேச்சுவாக்கில் சொல்லும்போது வார்த்தைக்கு முன்னால் உதடு குவிந்து ஒரு மெல்லிய ஒலி ஒட்டிக்கொள்கிறது அல்லவா? சில பேர் வோட்டல் என்றே எழுதும் அளவுக்கு. அதுதான் டபிள்யூ. நாம் ஓபன் என்னும் ஆங்கிலச் சொல்லை வோப்பன் ஆக்குவதும் அந்த ஒலியால்தான். வேண்டாத இடத்தில் வருவது வேண்டிய இடத்தில் வருவதில்லை. கண்ணாடி முன் உ என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். உதடு விசில் அடிப்பது போலக் குவிந்திருக்க வேண்டும், மேற்பல் எதையும் தொடக்கூடாது. அங்கிருந்து ஐன் என்று வழுக்குங்கள். உ-ஐன், உ-ஐன், உஐன். வேகம் கூடக் கூட உகரம் சுருங்கி டபிள்யூ-வைன் வந்துவிடும். உ-எட், உ-எஸ்ட், உ-ஐப்பர் என்று மற்றவற்றையும் இப்படியே செய்யலாம். பல் உள்ளே வருகிறதா என்ற சந்தேகம் இருந்தால் சுண்டுவிரல் நுனியைக் கீழுதட்டின் உள்விளிம்பில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பல் விரலில் பட்டால் தப்பு.

இப்போது சீட்டுக்கட்டைத் திருப்பிப்போடலாம். நீங்கள் சீட்டை உருவிச் சொல்கிறீர்கள், நண்பர் சீட்டைப் பார்க்காமல் கேட்டதைக் குறிக்கிறார். இங்கே ஒரு நிபந்தனை: நண்பரும் காதுச் சோதனையில் 18 எடுத்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் தீர்ப்புக்கு மதிப்பில்லை. அப்படி யாரும் கிடைக்காவிட்டால் இருபது சொல்லையும் கலைத்த வரிசையில் கைபேசியில் பதிவு செய்து, வரிசையை ஒரு தாளில் குறித்து மடித்து வைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, வரிசை மறந்தபின், நீங்களே கேட்டுக் குறித்துப் பிறகு தாளைப் பிரியுங்கள். உடனே கேட்டால் சொல்ல நினைத்ததைத்தான் காது கேட்கும், சொன்னதைக் கேட்காது.

தனிச் சொல்லிலிருந்து பேச்சுக்கு

பலர் நின்றுபோகும் இடம் இது. சீட்டில் இருபதுக்கு இருபது, பேச்சில் பழைய கதை. காரணம், வாக்கியத்தில் சூழலே பொருளைச் சொல்லிவிடுகிறது. மலை பெய்தது என்று யாராவது சொன்னால் நமக்கு மழை என்றே புரியும். அதனால் வாய் உழைக்கத் தேவையில்லாமல் போகிறது. பயிற்சி வாக்கியம் இரண்டு சொல்லுக்கும் இடம் தர வேண்டும். ஒரு கோப்பை வைன் குடித்தேன் என்பது வீண், கொடியை யாரும் குடிப்பதில்லை. இது ரொம்பப் பழைய வைன் என்பது சரியான வாக்கியம், கொடியும் பழையதாக இருக்கலாம், மதுவும் இருக்கலாம். அவர் வைப்பரைப் பார்த்துப் பயந்தார் என்பது வீண், வைப்பர் எங்கே இருக்கிறது என்பது சரி. இவற்றை ஆங்கிலத்தில் சொல்லி, கேட்பவர் படத்தைத் தொட்டுக்காட்ட வேண்டும்.

அடுத்தது இரண்டு ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் வரும் சொற்கள். மிகவும் நன்றாக என்ற பொருளில் வரும் வெரி வெல், வி-டபிள்யூ. வெள்ளை வேனைக் குறிக்கும் வைட் வேன், டபிள்யூ-வி. அலையைக் குறிக்கும் வேவ் ஒரே சொல்லுக்குள் டபிள்யூவில் தொடங்கி வியில் முடிகிறது: குவிந்த உதடு கடைசியில் பல்லிடம் வந்து சேர வேண்டும். பன்னிரண்டைக் குறிக்கும் டுவெல்வ் அதே பயணம், இன்னும் நெருக்கமாக. முதலில் அரை வேகத்தில் பத்து முறை, தப்பில்லாமல் வந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள்.

எழுத்தைப் பார்த்து வாசிக்கும் கட்டத்துக்கு வந்தால் இன்னொரு வலை காத்திருக்கிறது. ஒன்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் டபிள்யூ எழுத்து கிடையாது, ஒலி உண்டு. குயிக், லாங்குவேஜ் இரண்டிலும் அப்படியே. இரண்டு என்பதற்கான சொல்லிலும் விடையைக் குறிக்கும் ஆன்சரிலும் எழுத்து உண்டு, ஒலி கிடையாது. எஃப் எழுத்தில் முடியும் ஆஃப் என்ற வேற்றுமைச் சொல் வி ஒலியில்தான் முடிகிறது. டபிள்யூ ஒலி ஆங்கிலச் சொல்லின் கடைசியில் மெய்யாக வருவதில்லை என்பதால், சொல் முடிவில் இந்த இரண்டுக்கும் இடையே ஜோடி தேடி அலைய வேண்டாம்.

ஷிப்-ஷீப்: குறில் நெடில் என்ற பொறி

ஸ்பானிஷ், இத்தாலியன் பேசுபவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் ஒன்றாகவே ஒலிக்கும். நமக்கு இகரமும் ஈகாரமும் இருப்பதால் சோதனையில் எளிதாகத் தேறிவிடுவோம். ஆனால் நாம் பிரிப்பது மாத்திரையை வைத்து. ஆங்கிலேயர் முதன்மையாகப் பிரிப்பது ஒலியின் தன்மையை வைத்து. ஷீப்பின் உயிருக்கு நாக்கு மேலே, முன்னே போகிறது, உதடு இரு பக்கமும் விரிகிறது. ஷிப்பின் உயிருக்கு நாக்கு சற்றே தாழ்ந்து உள்வாங்குகிறது, உதடு தளர்ந்திருக்கிறது. நம் இகரத்திலிருந்து எகரத்தின் பக்கம் ஒரு சிறு சாய்வு.

மாத்திரையை மட்டும் நம்பினால் எங்கே மாட்டிக்கொள்வோம் என்றால், ஆங்கிலத்தில் உயிரின் நீளம் அடுத்து வரும் மெய்யையும் பொறுத்தது. குரலில்லாத ப, ட, க ஒலிகளுக்கு முன் நெடில் சுருங்கும். அடிப்பதைக் குறிக்கும் பீட்டின் ஈகாரமும், ஏலம் கேட்பதைக் குறிக்கும் பிட்டின் இகரமும் கடிகாரத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு வரக்கூடும், ஏனென்றால் இரண்டாவது சொல் குரலுள்ள டகரத்தில் முடிகிறது. அளவு ஒன்றாக இருந்தும் ஆங்கிலேயர் குழம்புவதில்லை.

இதற்கான பயிற்சி எளிது, செய்து பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும். ஷிப்பின் உயிரை இரண்டு வினாடி இழுங்கள், ஷி-இ-இ-ப். இழுக்கும்போது உதடு விரியக்கூடாது, நாக்கு ஏறக்கூடாது. இழுத்த பிறகும் அது கப்பலாகவே இருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அரை வினாடியிலேயே அது ஆடாகிவிடும். பிறகு ஷீப்பைச் சட்டென்று குறுக்கிச் சொல்லுங்கள், அது குட்டையான ஆடாக இருக்க வேண்டும், கப்பலாகிவிடக்கூடாது. நீட்டிய கப்பல், குறுக்கிய கப்பல், நீட்டிய ஆடு, குறுக்கிய ஆடு நான்கையும் சம அளவில் கலந்து பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துக் கேட்டு, 20க்கு எத்தனை என்று பாருங்கள். நீளம் கைகொடுக்காத சோதனை இது ஒன்றுதான், சாதாரண ஷிப்-ஷீப்பில் 20 எடுத்தவர்கள் இதில் பதினொன்றோ பன்னிரண்டோ எடுத்து விழிப்பது சகஜம்.